முதலில் விலை, பிறகுதான் செலவு: 'டார்கெட் காஸ்டிங்' என்றால் என்ன? நானோ கார் சொல்லும் பாடம்

ஒரு பொருளுக்கு எப்படி விலை வைப்பார்கள்? செய்ய ஆன செலவைக் கூட்டி, அதன் மேல் கொஞ்சம் லாபம் சேர்ப்பார்கள். பெரும்பாலானோர் சொல்லும் பதில் இதுதான். ஆனால், வாங்குபவருக்கு உங்கள் செலவைப் பற்றி என்ன கவலை? விலை கட்டுப்படியானால் வாங்குவார், இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அதனால் சில நிறுவனங்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகின்றன. வாடிக்கையாளர் ஏற்கும் விலையை முதலில் முடிவு செய்து, அதில் தங்களுக்கு வேண்டிய லாபத்தைக் கழிக்கின்றன. மிச்சம் இருப்பதுதான் அனுமதிக்கப்பட்ட செலவு. 1960-களில் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்த இந்த முறைக்குப் பெயர் டார்கெட் காஸ்டிங். இந்தியாவில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் டாடா நானோ.

கணக்கு எப்படி ஓடும்?

நானோவின் அடிப்படை மாடலுக்கு வைத்த இலக்கு, வரியும் போக்குவரத்துச் செலவும் சேராமல் 1 லட்சம் ரூபாய். டாடாவின் உள்கணக்கு வெளியே வரவில்லை என்பதால், புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்.

லாபம் 5% வேண்டும் என்றால் 5,000 ரூபாயை எடுத்து வைக்க வேண்டும். மீதி 95,000 ரூபாய்க்குள் காரைச் செய்தாக வேண்டும். முதல் டிசைனைப் பார்த்த பொறியாளர்கள், "1,10,000 ஆகும்" என்கிறார்கள். இடைவெளி 15,000 ரூபாய். விலையை ஏற்றியோ, லாபத்தைக் குறைத்தோ இதைச் சரிக்கட்ட முடியாது. டிசைனில்தான் குறைக்க வேண்டும். இந்த 15,000-ஐ எஞ்சின், பாடி, இருக்கை, மின்சாதனம் என ஒவ்வொரு குழுவுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். உதிரிபாகம் தரும் சப்ளையர்களும் டிசைன் மேசையிலேயே சேர்ந்துகொள்வார்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரமாக? அச்சு செய்து, இயந்திரம் வாங்கிய பிறகு ஒரு பாகத்தை மாற்றினால் அதற்கே தனிச் செலவு. காகிதத்தில் இருக்கும்போது மாற்றுவது மலிவு.

எதைக் குறைத்தார்கள்?

2009-ல் விற்பனைக்கு வந்த நானோவில் இரண்டே சிலிண்டர் கொண்ட 624 சிசி எஞ்சின், பின்பக்கம் பொருத்தப்பட்டிருந்தது. சக்கரத்துக்கு நான்கு நட்டுக்குப் பதில் மூன்று. முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். அடிப்படை மாடலில் ஏசி கிடையாது. பின்பக்க டிக்கிக் கதவும் திறக்காது. சாமான் வைக்க இருக்கையை மடக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நட்டு மூன்றா, நான்கா என்று எத்தனை பேர் எண்ணிப் பார்ப்பார்கள்? ஆனால் திறக்காத டிக்கி தினமும் கண்ணில் படும். வாடிக்கையாளர் மதிக்காததில் வெட்டினால் அது சேமிப்பு. அவர் மதிப்பதில் வெட்டினால், அவர் ஏற்ற விலையே மாறிவிடும். ஏனென்றால் 1 லட்சம் என்பது வெறும் எண் இல்லை. 'இப்படிப்பட்ட காருக்கு இவ்வளவு தரலாம்' என்ற மனக்கணக்கு. 2015-ல் வந்த ஜென்எக்ஸ் நானோவில் டிக்கி திறக்கும்படி மாற்றினார்கள்.

'மலிவான கார்' என்ற முத்திரையும் இதே இடத்தில்தான் அடித்தது. ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறுகிறவர் கௌரவத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அப்படி விளம்பரமானது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார்.

கணக்கு எங்கே உடையும்?

ஒரு காருக்கான செலவு, எத்தனை கார் விற்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. நானோவுக்காக குஜராத்தின் சானந்தில் கட்டிய ஆலையின் ஆண்டுத் திறன் 2.5 லட்சம் கார்கள். ஆனால் நன்றாக விற்ற 2011-12 நிதியாண்டிலேயே விற்பனை சுமார் 74,500-தான்.

இதன் வலியை மறுபடி ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஆலையின் நிலையான செலவு ஆண்டுக்கு 500 கோடி என்று வையுங்கள். 2.5 லட்சம் கார் விற்றால், ஒரு காரின் தலையில் 20,000 ரூபாய் விழும். 75,000 கார்தான் விற்றால் அது 66,000 ரூபாயைத் தாண்டிவிடும். நட்டிலும் வைப்பரிலும் மிச்சம் பிடித்ததெல்லாம் இதன் முன் எம்மாத்திரம்! விலையை ஏற்றி ஈடுகட்டலாம் என்றால், எந்த விலையை நம்பித் தொடங்கினார்களோ அதுவே போய்விடும். நானோ உற்பத்தி 2018-ல் ஏறக்குறைய நின்றே போனது.

உங்கள் அலுவலகத்தில் யாராவது டார்கெட் காஸ்ட் என்று ஓர் எண்ணைக் காட்டினால், இரண்டு கேள்வி கேளுங்கள். இது எத்தனை யூனிட் விற்கும் என்ற கணக்கில் வந்தது? விற்பனை அதில் பாதியானால் இந்தச் செலவு என்ன ஆகும்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால், விலையை மட்டும்தான் முடிவு செய்திருக்கிறார்கள், செலவை இல்லை.