பொறுப்பேற்றவரும் எழுதியவரும்: மின்னஞ்சல் கையொப்பத்தை வாசித்த வரலாறு

2016 அக்டோபரில், ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரச்சாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் தொடர்ந்து வெளியிட்டது. அவற்றில் யாரோ கைவைத்திருக்கலாம் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் கிரஹாம் அந்த ஐயத்துக்கு ஒரு சோதனையால் விடை சொன்னார். தொகுப்பிலிருந்து ஒரு மடலின் மூலவடிவத்தை எடுத்து, தண்டர்பேர்ட் செயலியில் டி.கே.ஐ.எம். கையொப்பத்தைச் சரிபார்க்கும் கூடுதல் நிரலைக் கொண்டு சோதித்தார். கையொப்பம் சரியாக இருந்தது. மடலில் சிறு மாற்றம் செய்து மறுபடி சோதித்தபோது அது செல்லாமல் போனது. ஆகவே அந்த மடல் திருத்தப்படாதது, உண்மையானது என்பது அவர் கண்ட முடிவு. கசிந்த மடல்களைச் சரிபார்ப்பதில் பின்னால் வந்த பலருக்கும் இந்த வாசிப்பே அடித்தளமாக அமைந்தது.

கிரஹாமின் சோதனையில் பிழையில்லை. ஆர்.எஸ்.ஏ. கையொப்பம் கணக்கில் பொருந்திவிட்டால், கையொப்பம் இட்ட பின் உடலில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது தெரிந்துவிடும். நான் மறுப்பது ‘திருத்தப்படாதது’ என்பதிலிருந்து ‘உண்மையானது’ என்பதற்கு அவர் தாண்டிய தாண்டலை. இரண்டுக்கும் இடையில் மூன்று கேள்விகள் நிற்கின்றன: கையொப்பம் இட்டது யார், எப்போது இட்டார், எதற்கு இட்டார்?

முதல் கேள்விக்கு அந்தச் சம்பவத்திலேயே விடை கிடக்கிறது. பொடெஸ்டாவின் ஜிமெயில் கணக்கு 2016 மார்ச்சில், கூகுளின் பாதுகாப்பு எச்சரிக்கை போல வந்த ஒரு போலி மடலால் பறிபோனது. கடவுச்சொல் கையில் இருப்பவர் அந்தக் கணக்கிலிருந்து அனுப்பும் எந்த மடலுக்கும் ஜிமெயில் தன் கையொப்பத்தை இட்டுத்தான் அனுப்பும். சாவி பொடெஸ்டாவிடம் இல்லை. கூகுளின் சேவையகத்தில் இருக்கிறது. அப்படி யாரும் போலி மடல் அனுப்பியதற்குச் சான்று எதுவும் இல்லை. அனுப்பினார்கள் என்று நான் வாதிடவும் இல்லை. களவு போன ஒரு கணக்கின் மடல்களைப் பற்றிப் பேசும்போது, கணக்கின் பெயரையும் எழுதிய கையையும் ஒன்றாக்கும் உரிமையை அந்தக் கையொப்பம் நமக்குத் தரவில்லை என்பதே என் வாதம்.

கிரஹாம் தனியாள் அல்லர். தொழில்நுட்ப வரையறையின் முதல் பாடமே அந்த வாசிப்புக்கு இடம் கொடுத்திருந்தது. யாஹூவின் டொமைன்கீஸ், சிஸ்கோவின் ஐடென்டிஃபைடு இன்டர்நெட் மெயில் ஆகிய இரண்டும் கலந்து பிறந்ததே டி.கே.ஐ.எம். அதன் முதல் வரையறையான ஆர்.எஃப்.சி. 4871, 2007 மே மாதம் வந்தது. மடலின் மூலத்தையும் உள்ளடக்கத்தையும் சரிபார்க்க உதவும் அமைப்பு என்று அதன் முன்சுருக்கம் கூறியது. 2011 செப்டம்பரில் அதற்குப் பதிலாக வந்த ஆர்.எஃப்.சி. 6376-இன் முன்சுருக்கத்தில் ‘மூலம், உள்ளடக்கம்’ என்ற பேச்சு தலைமையிடத்தை இழந்துவிட்டது. கையொப்பமிடும் டொமைனின் உரிமையாளர் மடலுக்கு ஓரளவு பொறுப்பேற்க இது வழி செய்கிறது என்ற அளவில் அங்கே கூற்று சுருங்கிவிட்டது.

இந்த வேறுபாட்டை நடைத்திருத்தம் என்று கடந்துவிட முடியாது. கையொப்ப வரியில் `i=` என்ற ஒரு புலம் உண்டு. 2007 வரையறை அதை, எந்தப் பயனர் அல்லது முகவர் சார்பில் மடல் கையொப்பமிடப்படுகிறதோ அவருடைய அடையாளம் என்று விளக்கியது. வாசிப்பவர் அதில் ஒரு மனிதரைத் தேடுவது இயல்பே. 2009 ஆகஸ்டில் வந்த ஆர்.எஃப்.சி. 5672 என்னும் சிறு திருத்த ஆவணம், சரிபார்ப்பின் பயனாகக் கட்டாயம் வெளியே தரவேண்டியது `d=` புலத்தில் உள்ள டொமைன் பெயரே என்று தெளிவாக்கியது. `i=` புலத்தில் இருப்பதற்குப் பொருள் கற்பிக்கும் வேலை பெறுபவருக்கு இல்லை என்றாயிற்று. 2011 பாடம் இந்தத் திருத்தத்தை உள்வாங்கிக்கொண்டது. பயனரிடமிருந்து டொமைனுக்கு வரையறை பின்வாங்கிய இடம் இதுதான் என்று கருதுகிறேன். கிரஹாம் எழுதியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. ஆனால் அவருடைய வாசிப்பு 2007 பாடத்தின் மனநிலையில் நிற்கிறது.

இனி ‘எப்போது’ என்ற கேள்வி. கையொப்ப வரி ஒன்றின் வடிவம் இப்படி இருக்கும்:

```
DKIM-Signature: v=1; a=rsa-sha256; d=example.org;
 s=mar24; t=1710500000; h=from:to:subject:date;
 bh=...; b=...
```

`t=` என்பது கையொப்பமிட்ட நேரம், 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளில். மேலே உள்ள எண் 2024 மார்ச் 15, இந்திய நேரம் மாலை 4.23-ஐக் குறிக்கும். ஆனால் அந்த எண்ணை எழுதுவது கையொப்பமிடுபவரே. மூன்றாம் தரப்புக் கடிகாரம் எதுவும் அதற்குச் சாட்சி இல்லை. பல மடல்களில் அந்தப் புலமே இருக்காது. மடலின் தேதி கையொப்பத்துக்குள் அடங்கியிருக்கிறது என்றால், அந்தத் தேதியைச் சாவிக்காரர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். அன்றுதான் இட்டார் என்று பொருளல்ல.

சாவி வேறொருவர் கைக்குப் போனால் இதன் விளைவு என்ன என்பது 2012-இல் கண்முன் தெரிந்தது. சக்கரி ஹாரிஸ் என்ற கணிதவியலாளர், கூகுளிலிருந்து தமக்கு வந்த வேலைவாய்ப்பு மடலின் கையொப்பம் 512 பிட் சாவியால் இடப்பட்டிருப்பதைக் கவனித்தார். அவ்வளவு சிறிய சாவியை உடைக்க வாடகைக் கணினிகளும் சில நாட்களும் போதும். அவர் உடைத்து, கூகுள் நிறுவனர் ஒருவர் பெயரில் மற்றவருக்கு மடல் அனுப்பிக் காட்டினார். சில நாட்களில் கூகுள் 2048 பிட் சாவிக்கு மாறியது. 1024 பிட்டுக்குக் குறைந்த சாவியை ஏற்கவே கூடாது என்ற விதி ஆர்.எஃப்.சி. 8301 மூலம் 2018-இல் வந்தது.

இங்கே கிரஹாமின் வாசிப்பு மேலும் தளர்கிறது. அந்தப் பழைய 512 பிட் சாவியால் கையொப்பமிட்ட, 2010 தேதியிட்ட மடல் ஒன்றை இன்று ஒருவர் கொண்டுவந்தால், கணக்கு பொருந்தும். ஆனால் அது 2010-இல் எழுதப்பட்டதா, சாவி உடைபட்ட பின் எழுதப்பட்டதா என்று கையொப்பத்தால் சொல்ல முடியாது. கல்வெட்டின் எழுத்தமைதி காலத்தைக் காட்டிக்கொடுப்பதுபோல் இங்கே எதுவும் காட்டிக்கொடுக்காது. இந்தச் சான்று காலம் செல்லச் செல்லத் தேயும். பொதுச் சாவி `mar24._domainkey.example.org` போன்ற டி.என்.எஸ். பதிவில் இருப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு: நிறுவனம் சாவியை மாற்றிப் பழைய பதிவை நீக்கிவிட்டால், சரிபார்ப்பவர் ஏதோ ஒரு காப்பகத்தில் இருக்கும் நகலை நம்பியாக வேண்டும். அப்போது சான்றின் எடை கையொப்பத்தை விட்டு அந்தக் காப்பகத்தின் மேல் ஏறிவிடுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேத்யூ கிரீன் 2020 நவம்பரில் இதை எதிர்த்திசையில் கொண்டுசென்றார்: கூகுள் தன் பழைய தனிச் சாவிகளை வெளியிட்டுவிட்டால் பழைய கசிவுகளை யாரும் கையொப்பம் காட்டி நிரூபிக்க முடியாது, தபால் போக்குவரத்துக்காக உண்டான கையொப்பம் நிரந்தரச் சாசனமாக மாறாது என்றார். அவருடைய யோசனையை ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். கையொப்பத்தின் இயல்பைச் சரியாக வாசித்தவர் அவரே.

பொறுப்பேற்பு எழுதியவரின் சான்றாகத் திரையில் மாறியது எந்த ஆண்டு என்று ஒரே தேதியைச் சுட்ட நான் தயங்குகிறேன். 2009-இல் ஜிமெயிலின் சோதனை வசதிகளில் பேபால், ஈபே மடல்களுக்குப் பக்கத்தில் ஒரு சாவிப் படம் வந்ததை முன்னோடியாகக் கொள்ளலாம். 2023 மே மாதம் ஜிமெயிலில் வந்த நீலக் குறி அதன் முதிர்ந்த வடிவம். ‘பிமி’ என்னும் திட்டத்தில் இக்குறியைப் பெற, நிறுவனம் தன் டொமைனில் போலி மடல்களை ஒதுக்கவோ மறுக்கவோ சொல்லும் டிமார்க் கொள்கையை அறிவிக்க வேண்டும்; பதிவு பெற்ற வணிகச் சின்னத்துக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆகவே நீலக் குறி நிரூபிப்பது, இந்தச் சின்னத்துக்கு உரியவர் இந்த டொமைனுக்கும் உரியவர் என்பதை. மடலில் சொல்லப்பட்டதைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

ஒரு மாதத்துக்குள் இது வெளிப்பட்டது. யூ.பி.எஸ். நிறுவனத்தின் பெயரில் வந்த மோசடி மடல் ஒன்று நீலக் குறியோடு பெட்டியில் நின்றது. டிமார்க் தேர்ச்சிக்கு டி.கே.ஐ.எம்., எஸ்.பி.எஃப். இரண்டில் ஒன்று போதும். எஸ்.பி.எஃப். பார்ப்பது அனுப்பும் சேவையகத்தின் முகவரியை மட்டுமே. பல நிறுவனங்கள் சேர்ந்து பயன்படுத்தும் சேவையகம் வழியே மடலை விட்டால், அந்நியரும் தேறிவிடலாம். அதன்பின் குறிக்கு டி.கே.ஐ.எம். கட்டாயம் என்று கூகுள் அறிவித்தது. ஓட்டை அடைபட்டது, குறியின் பொருள் மாறவில்லை.

மூன்றாம் கேள்வியான ‘எதற்கு’ என்பதை 2025 ஏப்ரலில் வெளியான ஒரு மடல் எல்லாவற்றையும்விடத் துலக்கமாகக் காட்டுகிறது. எதீரியம் பெயர்ச் சேவையின் முதன்மை நிரலாளர் நிக் ஜான்சனுக்கு, அவர் கணக்கு பற்றி நீதிமன்ற ஆணை வந்திருப்பதாகக் கூகுள் பெயரில் எச்சரிக்கை வந்தது. கையொப்பம் `accounts.google.com` உடையது, சரியானது. ஜிமெயில் அதைக் கூகுளின் மெய்யான பாதுகாப்பு எச்சரிக்கைகளோடு ஒரே வரிசையில் அடுக்கியது. மோசடிக்காரர் ஒரு டொமைனைப் பதிவுசெய்து, அதில் `me@` என்று தொடங்கும் முகவரிக்குக் கூகுள் கணக்கு திறந்திருந்தார். பிறகு ஒரு செயலியைப் பதிவுசெய்து, அதன் ‘பெயர்’ என்ற இடத்தில் மோசடி வாசகம் முழுவதையும் எழுதினார். செயலிக்குத் தம் கணக்கில் அனுமதி கொடுத்ததும், அந்தப் ‘பெயரை’ உள்ளடக்கிய எச்சரிக்கை மடலைக் கூகுளே எழுதி, கையொப்பமிட்டு, அவருக்கு அனுப்பியது. அதை அவர் ஓர் எழுத்தும் மாற்றாமல் ஜான்சனுக்குக் கடத்தினார். மாற்றாததால் கையொப்பம் உடையவில்லை. பெறுநர் `me@` என்பதால் திரையில் ‘எனக்கு’ வந்ததுபோல் தோன்றியது.

கிரஹாமின் அளவுகோலால் அளந்தால் இந்த மடல் தேறுகிறது: திருத்தப்படவில்லை, கூகுளுடையது. ஆனால் அதன் வாசகம் மோசடிக்காரருடையது. குறிப்பிட வேண்டிய இன்னொன்று, உண்மை அந்த மடலிலேயே பதிவாகியிருந்தது என்பது. பெறுநர் வரியில் ஜான்சனின் முகவரி இல்லை. மோசடிக்காரரின் டொமைன்தான் இருந்தது. விவரங்களைத் திறந்தால் ‘அனுப்பிய சேவையகம்’ என்ற இடத்தில் கூகுளுக்குத் தொடர்பில்லாத `privateemail.com` நின்றது. முத்திரையை மட்டும் பார்த்தவருக்கு இவை தெரியாது. தலைப்பு வரிகளைப் படித்தவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே கசிந்த மடலொன்றை இனி ஆதாரமாக வைப்போர், கையொப்பம் தேறியது என்ற ஒற்றை வரியோடு நிறுத்த வேண்டாம். மடலின் மூலவடிவத்தை முழுதாகவும், சாவி எத்தனை பிட், அதன் பதிவை எங்கே எந்தத் தேதியில் எடுத்தோம் என்பதையும், எந்தெந்தத் தலைப்பு வரிகள் `h=` புலத்துக்குள் அடங்கின என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும். அவை இல்லாத மடலை, டொமைன் ஒன்று எப்போதோ பொறுப்பேற்ற ஒரு வாசகம் என்பதற்கு மேல் நாம் மேற்கோள் காட்டலாகாது.