மேற்கோள் தொடர்தல்

மேற்கோள் தொடர்தல் என்பது கையிலுள்ள ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து இரு திசையில் தேடிச் செல்லும் முறை. அக்கட்டுரை எவற்றைச் சான்று காட்டுகிறது என்று அதன் நூற்பட்டியலில் பார்ப்பது பின்னோக்கித் தொடர்தல். அதைப் பிறகு யார் சான்று காட்டினார்கள் என்று பார்ப்பது முன்னோக்கித் தொடர்தல். பின்னதற்கு மேற்கோள் அடைவு வேண்டும். யூஜீன் கார்ஃபீல்டு 1960களில் அச்சில் கொண்டுவந்த அறிவியல் மேற்கோள் அடைவுதான் அதைப் பரவலாக்கியது. இன்று கூகுள் ஸ்காலரில் பதிவுகளின் கீழ் உள்ள Cited by இணைப்பு அந்த வேலையைச் செய்கிறது.

புதுச்சேரி உப்பளத்திலிருந்து தெற்கே சிறிது தூரத்தில், ஆரியங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. அங்கே கிடைத்த ரௌலட்டட் மட்கலத்தை எடுத்துக்கொள்வோம். மெல்லிய தட்டு, உட்புறத்தில் வட்டவட்டமாகச் சிறு கீறல் வரிசைகள். இது எங்கே செய்யப்பட்டது என்ற கேள்வியோடு தொல்லியலுக்குப் புதிதாக வருபவர், 2005இல் ‘ஆன்டிக்விட்டி’ இதழில் ஃபோர்டு முதலானோர் வெளியிட்ட வேதியியல் ஆய்விலிருந்து தொடங்கலாம். பல இடங்களில் கிடைத்த இவ்வகைக் கலங்கள் மிகவும் ஒத்த மண்ணால் ஆனவை என்கிறது அது.

அங்கிருந்து பின்னோக்கிப் போனால், வங்காளத்து மண்ணைச் சுட்டிய கோக்தேயின் 1997 கட்டுரையும், விமலா பெக்லியின் எழுத்துகளும், 1945 அரிக்கமேடு அகழாய்வு பற்றி வீலர் 1946இல் வெளியிட்ட அறிக்கையும் வரும். வீலர் இந்தக் கலத்தில் மத்தியதரைக் கடல் இறக்குமதியைக் கண்டார். 1983இல் ‘அரிக்கமேடு மறுபார்வை’ எழுதிய பெக்லியோ அக்கலத்தின் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன்னே தள்ளினார். எனவே வீலரை மட்டும் படித்து நிறுத்தியவர், பிறகு மாறிப்போன ஒரு முடிவையே துறையின் முடிவாக எண்ணிவிடுவார். பின்னோக்கிய பாதையின் பெரிய ஆபத்து இதுதான்.

வீலரிலிருந்து முன்னோக்கிப் போவதும் எளிதல்ல. ரோமானிய வணிகம் பற்றி எழுதுவோர் பலர் ஒரு வரிக்காகவே அவரைச் சுட்டுவர். Cited by பக்கத்தில் Search within citing articles பெட்டியைத் தேர்ந்து rouletted என்று தேடினால் கூட்டம் குறையும். இன்னும் நல்ல வழி, பெக்லியின் கட்டுரையிலிருந்து முன்னோக்கிப் போவது. அதைச் சுட்டுவோர் பெரும்பாலும் கலத்தையோ காலத்தையோ விவாதிப்பவர்கள்.

பெயர் எழுத்துகளும் சிக்கல் தரும். கசால் 1949இல் வெளியிட்ட பிரெஞ்சு அகழாய்வு நூலின் தலைப்பில் அரிக்கமேட்டோடு வீராம்பட்டினமும் உண்டு; நூற்பட்டியல்களில் எழுத்துக்கூட்டல் மாறினால் அடைவு ஒரே நூலைப் பல பதிவுகளாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொன்றின் கீழும் Cited by பார்க்க வேண்டும். பிரெஞ்சு, தமிழ் நூல்கள் பல அடைவில் சரியாகச் சேராதவை. அவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன நூலகம் போன்ற இடங்களில் அமர்ந்து, அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகத்தான் பிடிக்க முடியும்.

இரு திசையிலும் தெரிந்த பெயர்களே திரும்பத் திரும்ப வரும்போது தேடலை நிறுத்தலாம். ஆனால் ஒருவரையொருவர் சுட்டாத இரு குழுக்கள் இருக்கக்கூடும். அதனால் வேறொரு தொடக்கத்திலிருந்து, உதாரணமாக இவ்வகைக் கலங்கள் கிடைத்த அனுராதபுரத்து அகழாய்விலிருந்து, ஒருமுறை தொடர்ந்து பார்த்துவிட்டு நிறுத்துவதே சரி.