பதினைந்து நிறத்தில் ஒரு பூனை

இன்னைக்கு எபிசோடில் ஒரு பூனை முகத்தைப் பற்றிப் பேசப் போறேன். பழைய கேம்களில் வசனம் வரும்போது பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முகம் தெரியும் இல்லையா, அந்த மாதிரி முகமாக ஒரு பூனையின் போட்டோவை மாத்தறது எப்படின்னு பார்ப்போம். அந்த ஸ்டைல் ஏன் அப்படி இருக்குங்கற வரலாறு தெரியாம நான் செஞ்ச ஒரு தப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க அக்காவோட பூனை பேரு மிட்டாய். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூணும் கலந்த பூனை. இடது கண்ணைச் சுத்திக் கறுப்பு, வலது கன்னம் முழுக்க ஆரஞ்சு, தாடையில் ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி. போன வருஷம் இறந்துபோச்சு. "நீ சின்ன வயசுல விளையாடுவியே, அந்த கேம்ல வர்ற மூஞ்சி மாதிரி மிட்டாயை வரைஞ்சு குடுடா"ன்னு அக்கா கேட்டா. ரெண்டு நாள் உட்கார்ந்து வரைஞ்சு அனுப்பினேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "நல்லா இருக்குடா. ஆனா இது மிட்டாய் இல்ல"ன்னா.

என்ன தப்புன்னு அவளுக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் உடனே புரியல.

அந்த முகங்கள் எங்கிருந்து வந்தன

நான் மாதிரியாக எடுத்துக்கிட்டது கேம் பாய் அட்வான்ஸ் காலத்து ஃபயர் எம்ப்ளம் முகங்கள். அந்தக் கருவி ஜப்பானில் 2001 மார்ச்சில் வந்தது. அதுக்கான முதல் ஃபயர் எம்ப்ளம் 2002-ல். அதில் ஒவ்வொரு பாத்திரத்தின் முகமும் 96 பிக்சல் அகலம், 80 பிக்சல் உயரம். ஒரு முகத்துக்கு 16 நிறங்கள் கொண்ட ஒரு தட்டு. அதில் ஒன்று பின்னணிக்காக ஒதுக்கப்பட்டது, அதனால் வரைய மிஞ்சுவது 15.

ஏன் 16? ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பிட் ஒதுக்கினால் அதில் 16 எண்களைத்தான் எழுத முடியும். அந்தக் கணக்கில் ஒரு முழு முகம் 3,840 பைட்டில் அடங்கிடும். கேட்ரிட்ஜில் இடம் காசு. அதனால் ஒரே முகத்தைத் திரையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் காட்ட ரெண்டு தடவை வரைய மாட்டார்கள். கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பிக் காட்டும் வசதி ஹார்ட்வேரிலேயே இருந்தது. ரெண்டு பேர் பேசினால் ஒருவரையொருவர் பார்ப்பது போல ஒரு முகம் திரும்பி நிற்கும். கூடுதல் செலவு கிடையாது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் சகாட்டை நினைவிருக்கா? ஒரு கண்ணில் பட்டை கட்டியவர். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் அவர் திரும்பும்போதெல்லாம் பட்டை அடுத்த கண்ணுக்குத் தாவும். யாரும் கவலைப்படல, ஏன்னா அவர் சகாட்னு பட்டை இல்லாமலே தெரியும். மிட்டாய் விஷயம் அப்படி இல்லை.

திட்டுகள் ஏன் கைரேகை மாதிரி

மூவண்ணப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெண். ஆரஞ்சா கறுப்பா என்று தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு எக்ஸ் ரெண்டு. கரு உருவாகும் ஆரம்பத்தில் ஒவ்வொரு செல்லும் ரெண்டில் ஒன்றை அணைத்துவிடுகிறது, எதை என்பது தற்செயல். அந்தச் செல்லிலிருந்து பிறக்கும் செல்கள் எல்லாம் அதே முடிவைத் தொடர்கின்றன. அப்படித்தான் இங்கே ஒரு கறுப்புத் திட்டு, அங்கே ஒரு ஆரஞ்சுத் திட்டு. வெள்ளை வேறொரு மரபணுவின் வேலை.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. கேம் பாய் அட்வான்ஸ் வந்த அதே 2001-ன் டிசம்பரில், அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது. பேரு சிசி. அதன் மூலம் ரெயின்போ என்ற மூவண்ணப் பூனை. மரபணு அதே மரபணு. ஆனால் சிசியின் உடம்பில் ஆரஞ்சே இல்லை. குளோனிங்கால்கூடத் திட்டுகளைத் திரும்பக் கொண்டுவர முடியல.

அதனால்தான் மூவண்ணப் பூனையின் முகத்தில் திட்டு எங்கே இருக்கு என்பதுதான் ஆளே. அதை மாத்தினால் வேற பூனை.

நான் செஞ்ச தப்பு

அக்காவின் போட்டோவை மறுபடி திறந்து பார்த்தேன். மிட்டாயை மடியில் வெச்சு, முன்பக்கக் கேமராவில் எடுத்த செல்ஃபி. பின்னாடி சுவரில் தினசரி காலண்டர். பெரிதாக்கிப் பார்த்தால் அதில் எழுத்து எல்லாம் தலைகீழா இல்லை, இடவலம் மாறி இருக்கு. சில போன்கள் செல்ஃபியைக் கண்ணாடிப் பிம்பமாகவே சேமித்துவிடும். நான் கண்ணாடியில் தெரிந்த மிட்டாயைத்தான் வரைந்திருந்தேன். கறுப்புக் கண் வலது பக்கம் போயிருந்தது.

அதனால் முதல் வேலை இதுதான்: போட்டோவில் ஏதாவது எழுத்தைத் தேடுங்க. எழுத்து இல்லைன்னா, பின்பக்கக் கேமராவில் எடுத்த இன்னொரு போட்டோவோடு ஒப்பிடுங்க. போட்டோ பூனையின் கண் மட்டத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் இருப்பது நல்லது. ஃபிளாஷ் அடித்தால் கண்ணின் நிறம் போய் பச்சை விளக்கு மாதிரி ஆகிடும்.

நிறத்தை எடுப்பது

ரெண்டாவது தப்பு நிறத்தில். போட்டோ மாலையில் எடுத்தது. மிட்டாயின் வெள்ளை மார்பில் நிறம் எடுத்துப் பார்த்தால் சிவப்பு 226, பச்சை 208, நீலம் 180. அது வெள்ளை இல்லை, மோர் நிறம். வெள்ளைக்கே இந்த மஞ்சள் ஏறியிருந்தால் ஆரஞ்சுக்கும் ஏறியிருக்கும். கன்னத்தின் ஆரஞ்சு 214, 142, 82 என்று காட்டியது. மார்பை நடுநிலைக்குக் கொண்டுவரத் தேவையான அளவு பச்சையையும் நீலத்தையும் கூட்டினால், அதே ஆரஞ்சு சுமாராக 214, 154, 103 ஆகிறது. நான் முதலில் வரைந்தது கேரட் நிறம், மிட்டாய் உண்மையில் வெளிறிய பாதாம் நிறம்.

ஒரு பிக்சலில் மட்டும் நிறம் எடுக்காதீங்க. ரோமத்தில் ஒவ்வொரு பிக்சலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒரு சின்னச் சதுரத்தின் சராசரியை எடுங்க. GIMP-ல் Color Picker கருவியில் Sample average என்று ஒரு தேர்வு இருக்கு.

பிறகு அதை அந்தக் கருவியின் அளவுக்குக் குறைக்கணும். கேம் பாய் அட்வான்ஸ் ஒவ்வொரு நிறத்துக்கும் 32 படிகள்தான் வைத்திருந்தது. 256 படிகளில் இருக்கும் எண்ணை 8-ஆல் வகுத்து மிச்சத்தை விட்டால் போதும். நம்ம ஆரஞ்சு 26, 19, 12.

இங்கே ஒரு சிக்கல். 2001-ல் வந்த அந்தத் திரைக்கு உள்விளக்கு கிடையாது. அதனால் ஓவியர்கள் வேண்டுமென்றே பளிச்சென்ற நிறங்களைப் போட்டார்கள். இன்றைய போன் திரையில் பார்த்தால் அவை கண்ணைக் கூசும். அந்தப் பளிச்சைக் காப்பியடித்தால் ரோமத்தின் நிறம் பொருந்தாது, அடிக்காவிட்டால் கேம் முகம் மாதிரி இருக்காது. நான் கண்ட வழி, எல்லா நிறத்தையும் ஒரே அளவு வெளிச்சமாக்குவது. ஆரஞ்சுக்கும் வெள்ளைக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசமோ அது மாறாமல் இருந்தால், கண் அதை அதே பூனையாக ஏற்றுக்கொள்கிறது.

பதினைந்துக்குள் அடக்குவது

போட்டோவைச் சுருக்கி 15 நிறமாக்கச் சொன்னால் மென்பொருள் செய்துவிடும். ஆனால் அது சோபாவுக்கும் சுவருக்கும் பாதி நிறத்தைச் செலவழித்து, திட்டுகளின் ஓரத்தைக் கலங்கலாக்கிவிடும். கையில்தான் செய்யணும்.

என் முதல் பட்ஜெட்: வெளிக்கோடு 1, ஆரஞ்சு 4, கறுப்பு 3, வெள்ளை 3, பச்சைக் கண் 2, மூக்கும் காது உள்பக்கமும் சேர்ந்து 2. மொத்தம் 15. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நீலக் கழுத்துப்பட்டை. அதற்கு ரெண்டு வேணும்.

பழைய ஓவியர்கள் இதை நிறத்தைப் பகிர்ந்து சமாளித்தார்கள். கறுப்பு ரோமத்தில் வெளிச்சம் படும் இடம் நீலம் கலந்த சாம்பல். வெள்ளை ரோமத்தின் ஆழமான நிழலும் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டுக்கும் ஒரே நிறம் போட்டால் ஒன்று மிச்சம். கறுப்பின் மிக இருண்ட நிறத்தையே வெளிக்கோட்டுக்கும் வைத்தால் இன்னொன்று மிச்சம். பட்டைக்கு இடம் கிடைச்சாச்சு.

வரையும் வரிசையும் முக்கியம். முதலில் தலையின் உருவம். பிறகு நிழலே இல்லாமல், மூணு தட்டையான நிறத்தில் திட்டுகளின் வரைபடம். கறுப்பு எல்லை கண்ணின் ஓரத்திலிருந்து காதின் அடிவரை எங்கே வளைகிறது என்று போட்டோவில் கண், மூக்கு, காது இவற்றை வெச்சு அளந்து போடணும். நிழல் போட்டதும் படத்தைச் சாம்பலாக்கிப் பாருங்க. ஆரஞ்சும் வெள்ளையின் நிழலும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், சின்ன அளவில் கன்னத்தின் எல்லை காணாமல் போகும். நிழலைக் கொஞ்சம் வெளுக்கணும். ரோமக் கோடுகள் கடைசியில், திட்டுகளின் ஓரத்தில் மட்டும் ரெண்டு மூணு.

தாடையில் இருந்த ஆரஞ்சுப் புள்ளி இந்த அளவில் வெறும் நாலு பிக்சல். முதல் தடவை அதை அழுக்கு என்று நினைத்து விட்டிருந்தேன்.

திருத்தியதை அக்காவுக்கு அனுப்பாமல் நேரில் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. போனை வாங்கி, ஆரஞ்சுக் கன்னத்தின் மேல் கட்டைவிரலை வெச்சாள். மிட்டாய்க்கு அவள் சொறிஞ்சு விடற பக்கம் அது.

கொஞ்ச நேரம் கழிச்சு, "இந்தப் பக்கம் பார்க்கற மாதிரியும் ஒண்ணு குடுடா"ன்னா. ஒரு கிளிக்கில் திருப்பிடலாம். திருப்பல. மறுபடி முதலிலிருந்து வரைஞ்சுட்டு இருக்கேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.