மேற்கூரையில் ப்ரொஜெக்டர் பொருத்துதல்

மேற்கூரையில் ப்ரொஜெக்டர் பொருத்துதல் என்பது, கான்கிரீட் தளத்தில் பதித்த ஆங்கரிலிருந்து மரையிட்ட கம்பி ஒன்றை இறக்கி, அதன் நுனியில் பிராக்கெட்டை மாட்டி, அதில் ப்ரொஜெக்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, படம் திரையில் கோணலின்றி விழும்படி நேர்செய்யும் வேலை. வகுப்பறைகளிலும் கூட்ட அரங்குகளிலும் வீடுகளிலும் இந்த முறை வழக்கத்தில் உள்ளது. ‘திரெட் ராடு’ என்று கடைகளில் கேட்டு வாங்கும் கம்பி மலிவானது. வேண்டிய நீளத்துக்கு அறுத்துக்கொள்ளலாம். ஆனால் அது தானாகச் சுழலும், ஆடும். இந்த இரண்டையும் அடக்குவதில்தான் வேலையின் தரம் இருக்கிறது.

இடமும் நீளமும்

துளை போடுமுன் இரண்டு அளவுகளைக் கணக்கிட வேண்டும்: திரையிலிருந்து லென்ஸின் தூரம், தளத்திலிருந்து லென்ஸின் இறக்கம். 100 அங்குலத் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 16:9 விகிதத்தில் அதன் அகலம் 221 செ.மீ., உயரம் ஏறத்தாழ 125 செ.மீ. ப்ரொஜெக்டரின் எறிவிகிதம் 1.5 என்று கையேடு சொன்னால், அகலத்தை 1.5 ஆல் பெருக்க வேண்டும். லென்ஸ் திரையிலிருந்து 332 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும் என்று கிடைக்கும். இது லென்ஸின் தூரம், கம்பியின் தூரம் அல்ல. பிராக்கெட்டின் நடு லென்ஸுக்கு 15 செ.மீ. பின்னால் இருந்தால் துளை 347 செ.மீ. தூரத்தில் வரும். இந்த 15 செ.மீ.யை மறந்துவிட்டுத் துளையிட்டால், ஜூம் வசதி குறைந்த கருவியில் படம் திரைக்குச் சரியாகப் பொருந்தாது.

உயரத்தை ஆஃப்செட் தீர்மானிக்கிறது. பெரும்பாலான ப்ரொஜெக்டர்கள் படத்தை லென்ஸுக்கு நேரே வீசுவதில்லை. மேசையில் வைத்தால் சற்று மேலேயும், தலைகீழாகத் தொங்கினால் சற்றுக் கீழேயும் வீசும். ஆஃப்செட் 110 சதவீதம் என்றால், தொங்கும் நிலையில் படத்தின் மேல்விளிம்பு லென்ஸுக்குக் கீழே, பட உயரத்தின் பத்தில் ஒரு பங்கு தாழ்வாக விழும். நம் திரைக்கு அது 12.5 செ.மீ. படத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து 230 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டுமானால் லென்ஸ் 242.5 செ.மீ.யில் இருக்க வேண்டும். அறையின் உயரம் 10 அடி, அதாவது 305 செ.மீ. ஆகவே தளத்திலிருந்து இறக்கம் 62.5 செ.மீ. இதில் பிராக்கெட்டுக்கு 10, லென்ஸின் நடுவிலிருந்து கருவியின் அடிப்பாகம் வரை (இப்போது அது மேலே இருக்கும்) 5 செ.மீ. கழித்தால், வெளியே தெரியும் கம்பி 47.5 செ.மீ. ஆங்கருக்குள் ஏறும் மரைக்கும் கீழ் நட்டுகளுக்கும் சேர்த்து 52 செ.மீ. அளவில் அறுத்துக்கொள்ளலாம். அறுக்குமுன் ஒரு நட்டைக் கம்பியில் ஏற்றி வைப்பது நல்லது. அறுத்தபின் அதைக் கழற்றும்போது நசுங்கிய மரை நேராகிவிடும்.

நம் அறைகளில் இந்த இறக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. தளத்தை ஒட்டிப் பொருத்தினால், ஒளியின் வழியில் மின்விசிறியின் இறக்கை குறுக்கிட்டுத் திரை முழுதும் நிழல் ஓடும். லென்ஸ் இறக்கைகளுக்குக் கீழே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

தளத்தில் பிடிப்பு

10 மி.மீ. (எம்10) கம்பிக்கு உரிய உள்மரை ஆங்கருக்கு 12 மி.மீ. துளை, 40 மி.மீ. ஆழம் வேண்டும். டிரில் திடீரென்று முன்னேறாமல் நின்றால் இரும்புக் கம்பியில் முட்டியிருக்கிறது. அதை வெட்ட முயலாமல் துளையைச் சற்று நகர்த்த வேண்டும். துளையிலுள்ள தூளை ஊதி வெளியேற்றிய பிறகே ஆங்கரைச் செருக வேண்டும். தூள் மிஞ்சினால் ஆங்கர் விரிந்தும் பிடிக்காது. உளி போன்ற அடிகருவியால் உள்ளேயுள்ள ஆப்பை அடிக்கும்போது, அடிகருவியின் தோள் ஆங்கரின் விளிம்பைத் தொட்டால் அது முழுதாக விரிந்துவிட்டது என்று பொருள்.

ஃபால்ஸ் சீலிங் உள்ள அறையில் ஜிப்சம் பலகையிலோ அதன் சட்டத்திலோ எடையைத் தொங்கவிடக் கூடாது. கம்பி அதைத் துளைத்துக்கொண்டு மேலேயுள்ள தளம் வரை போக வேண்டும். பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில் மரச்சட்டங்களுக்கு மேல் செங்கல் அடுக்கியிருக்கும். அந்தச் செங்கலில் ஆங்கர் போடுவது ஆபத்து. சட்டத்தில்தான் பிடிப்பு எடுக்க வேண்டும்.

ஆட்டத்தை அடக்குதல்

அரை மீட்டர் நீளமுள்ள வெறுங்கம்பி, மின்விசிறியின் அதிர்வுக்கும் மாடியில் யாராவது நடப்பதற்கும் நடுங்கும். நடுக்கம் கம்பியில் கண்ணுக்குத் தெரியாது. திரையில் பெருகித் தெரியும். ப்ரொஜெக்டர் பக்கவாட்டில் ஒரு பாகை திரும்பினால் மேற்சொன்ன தூரத்தில் படம் 6 செ.மீ. நகர்ந்துவிடும். பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலே எழுத்துகள் 6 மி.மீ. அலையும்.

இதற்கு எளிய வழி, கம்பியின் மேல் அரை அங்குல ஜி.ஐ. பைப் ஒன்றை உறைபோல மாட்டுவது. பைப்பின் இரு முனைகளையும் சதுரமாக அறுத்து, மேலும் கீழும் அகன்ற வாஷர் வைத்துக் கீழ் நட்டை இறுக்கினால் கம்பி இழுபடும், பைப் அழுந்தும். இரண்டும் சேர்ந்து ஒரே தடித்த தண்டாக நிற்கும். வளைவும் ஆட்டமும் பெருமளவு குறையும். இந்த இறுக்கம் முழுவதும் ஆங்கரைக் கீழே இழுப்பதால் கைபலம் முழுவதையும் காட்டக் கூடாது. பைப்புக்குக் கீழே பிராக்கெட்டின் தட்டை இரு நட்டுகளுக்கு நடுவே பிடித்து, அடியில் இன்னொரு நட்டை எதிர்ப்பூட்டாகச் சேர்க்க வேண்டும். ஒரு ஸ்பானரால் ஒன்றை அசையாமல் பிடித்து மற்றதைத் திருப்பினால்தான் பூட்டு விழும்.

பிராக்கெட்டைக் கருவியோடு இணைக்கும் திருகுகள் பல மாடல்களில் 4 மி.மீ. (எம்4) அளவுடையவை. கையேடு சொல்லும் நீளத்தை மீறிய திருகு உள்ளே சர்க்யூட் பலகையைக் குத்திவிடும்.

நேர்செய்தல்

முதலில் மெனுவில் Front Ceiling அல்லது அதற்கு நிகரான அமைப்பைத் தேர்ந்தெடுத்துப் படத்தை நிமிர்த்த வேண்டும். தானியங்கி கீஸ்டோன் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டு, கட்டம் போட்ட சோதனைப் படத்தை விட வேண்டும். கருவியின் மேல் ரசமட்டம் வைத்து முன்பின்னாகவும் இடவலமாகவும் மட்டம் பார்த்தபின், அளவு நாடாவோடு திரைக்குப் போகலாம்.

வடிவம் கெட்டிருந்தால் கோணத்தை மாற்ற வேண்டும். வடிவம் சரியாக இருந்து இடம் மட்டும் தவறியிருந்தால் கருவியையே நகர்த்த வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் மணிக்கணக்கில் திருகிக்கொண்டிருக்கிறார்கள். லென்ஸுக்குத் தொலைவான விளிம்பு பெரிதாக விழும் என்பதே இதற்கு அடிப்படை. படத்தின் இடது விளிம்பு வலது விளிம்பைவிட உயரமாக இருந்தால் கருவி இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் இரண்டுக்கும் 1.5 செ.மீ. வித்தியாசம் இருந்தால் திருப்பம் சுமார் ஒரு பாகை. கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட அகலமாக இருந்தால் கருவி அதிகம் குனிந்திருக்கிறது. எதிர்ப்பக்க விளிம்புகள் சமமாக இருந்தும் படம் சாய்ந்திருந்தால் பிராக்கெட் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. எல்லாம் சரியாகியும் படம் மேலோ கீழோ நின்றால் அது கம்பி நீளத்தின் பிழை. பைப் இல்லாத இடத்தில் அதை நட்டுகளால் திருத்தலாம்: எம்10 மரையில் ஒரு முழுச் சுற்று 1.5 மி.மீ. ஏற்றும் அல்லது இறக்கும். பைப் உறை இருந்தால் பைப்பையே அறுக்கவோ வாஷர் சேர்க்கவோ வேண்டும். கம்பியைச் சுழற்றி உயரத்தை மாற்றினால் ஏற்கெனவே பார்த்த திசை போய்விடும்.

கீஸ்டோன் பொத்தானைக் கடைசிப் புகலிடமாகவே வைத்திருக்க வேண்டும். அது ஒளியைத் திருப்புவதில்லை. கருவிக்குள் இருக்கும் படத்தைச் சுருக்கி எதிர்க்கோணலாக வரைகிறது. அதனால் புள்ளிகள் வீணாகின்றன, சிறிய எழுத்துகள் மங்குகின்றன, பயன்படாத ஓரப்பகுதி திரைக்கு வெளியே சாம்பல் வெளிச்சமாகக் கசிகிறது.

பூட்டு நட்டுகளை இறுக்கும்போது திசை சற்று நகர்வது வழக்கம். ஆகவே இறுக்கியபின் நான்கு விளிம்புகளையும் மறுபடி அளக்க வேண்டும். குவியத்தை, கருவி அரைமணி நேரம் சூடான பிறகு பார்ப்பது சரி. விசிறியை முழுவேகத்தில் ஓடவிட்டு, கருவியை விரலால் லேசாகத் தட்டினால் படம் உடனே நிலைக்க வேண்டும். அலை நீடித்தால் பைப்போ நட்டோ தளர்ந்திருக்கிறது. கடைசியாக, கருவியிலிருந்து ஒரு மெல்லிய எஃகுக் கம்பிவடத்தை வேறொரு ஆங்கரில் தனியாகக் கட்ட வேண்டும். ப்ரொஜெக்டருக்குக் கீழே பிள்ளைகள் அமரும் வகுப்பறையில் இதை ஒருபோதும் விடக் கூடாது.