பன்னிரண்டுக்குப் பின் வரும் பாட்டில்

பேக்கிங் லைனில் பெட்டிக்கணக்கு தவறினால் முதலில் பழி ஏற்பது சென்சார்தான். கண்ணைத் துடைப்பார்கள், கோணத்தை மாற்றுவார்கள். ஆனால் தவறு பல நேரங்களில் லேடர் புரோகிராமில், கவுண்டரின் ரீசெட் முனையில் இருக்கிறது. ரீசெட்டை எது கொடுக்கிறது என்பதைவிட, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே முக்கியம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1993-இல் முதற்பதிப்பு கண்ட ஐ.இ.சி. 61131-3 தரம் CTU என்ற ஏறுமுகக் கவுண்டரை வரையறுக்கிறது. CU முனையில் சிக்னல் 0-விலிருந்து 1-க்கு ஏறும் கணத்தில் மட்டும் எண்ணிக்கை CV ஒன்று கூடும். CV, இலக்கான PV-யை எட்டியதும் Q உயரும். இவை அனைத்துக்கும் முன்பாக R பார்க்கப்படுகிறது: R உயர்ந்திருக்கும்வரை CV பூஜ்யமே. அந்த நேரத்தில் கடக்கும் பாட்டில் பின்னர் எண்ணப்படுவதில்லை.

நிமிடத்துக்கு 120 பாட்டில், பெட்டிக்கு 12 என்று ஒரு லைனை வைத்துக்கொள்வோம். அரை வினாடிக்கு ஒரு பாட்டில். பன்னிரண்டாவது கடந்ததும் புஷர் நீண்டு திரும்ப 1.7 வினாடி ஆகிறது. புஷர் ஓடும் சிக்னலையே R-க்குக் கொடுத்திருந்தால் 13, 14, 15 ஆகிய மூன்றும் எண்ணப்படாமல் போகும். அடுத்த தொகுதியில் 15 பாட்டில் சேர்ந்து, புஷரின் முன் நெருக்கியடித்து நிற்கும்.

இந்தப் பிழைக்குத் தனி அடையாளம் உண்டு. லைனைத் தொடங்கியதும் வரும் முதல் பெட்டி எப்போதும் சரியாக இருக்கும். வேகத்தை நிமிடத்துக்கு 30 ஆகக் குறைத்தால் இரண்டு வினாடிக்கு ஒரு பாட்டில். அதற்குள் புஷர் திரும்பிவிடுவதால் பிழையே தெரியாது. மெதுவாக ஓட்டிப் பார்த்த சோதனையில் தேறிய புரோகிராம் உற்பத்தியில் தடுமாறுவது இதனால்தான்.

தீர்வு, எண்ணி முடிந்த சிக்னலை ஒரே ஸ்கேனுக்கு மட்டும் ரீசெட்டாக்கி, புஷரைத் தனியே தாங்கிப் பிடிப்பது:

```
|--[Bottle_Eye]--CU  CTU    Q--(Batch_Done)
|--[Batch_Done]--R   PV=12
|--[Batch_Done]---------------(S Pusher_Run)
```

பன்னிரண்டாவது பாட்டில் வந்த ஸ்கேனில் Q உயர்கிறது, புஷர் கிளம்புகிறது. அடுத்த ஸ்கேனில் R வேலை செய்து CV பூஜ்யமாகி, Q-வும் இறங்குகிறது. ஸ்கேன் 10 மில்லிவினாடி என்றால் கவுண்டர் குருடாக இருப்பது அவ்வளவுதான். பதின்மூன்றாவது பாட்டில் வர இன்னும் ஏறக்குறைய 490 மில்லிவினாடி இருக்கிறது. புஷர் திரும்பியதும் Pusher_Run-ஐ வேறொரு வரி இறக்கும்.

வரிசையிலும் கவனம் வேண்டும். ரீசெட்டுக்குத் தனிக் கட்டளை உள்ள பி.எல்.சி.களில் அந்த வரியைக் கவுண்டருக்கும் புஷர் வரிக்கும் நடுவில் வைத்தால், புஷர் பார்க்கும் முன்பே சிக்னல் அழிந்துவிடும்.

சரிபார்க்க, தொகுதிதோறும் ரீசெட் ஆகாத இரண்டாவது கவுண்டர் ஒன்றை அதே சென்சாரில் மாட்டலாம். 40 பெட்டி முடிந்த நொடியில் அது 480 காட்ட வேண்டும். மேற்சொன்ன பிழையில் முதல் பெட்டி 12, மற்ற 39-ம் 15 வீதம், ஆக 597 காட்டும். மிகுதி 117-ஐ 39-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 3 வருகிறது. ஒளி ஊடுருவும் பாட்டிலை சென்சார் இரண்டு முறை பார்த்தால் கதை வேறு: இரு கவுண்டரும் சேர்ந்தே ஏமாறும், மொத்தம் 480 என்றே காட்டும், பெட்டியில் மட்டும் பாட்டில் குறையும்.