மணல் வகுத்த மாநகர்

சென்னையில் 'கடற்கரை' என்னும் பெயரில் ஒரு புகைவண்டி நிலையம் உண்டு. அங்கு இறங்குவோர் கண்ணில் கடலும் படுவதில்லை, கரையும் படுவதில்லை. சாலைக்கு அப்பால் துறைமுகத்தின் மதிலே நீண்டு கிடக்கும். இன்று இராஜாஜி சாலை என வழங்கும் அச்சாலைக்கு முன்னாளில் 'பர்ஸ்ட் லைன் பீச்' என்று பெயர். அதற்கு மேற்கே 'செகண்ட் லைன் பீச்' இருந்தது. பெயர்கள் நின்றுவிட்டன, கடல் விலகிப் போயிற்று. அது ஏன் விலகிற்று, விலகிய கடல் வேறெங்கே கரையேறிற்று என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு, இந்நகரின் தென்பகுதியும் வடபகுதியும் வேறுபட்டு வளர்ந்ததற்கான காரணம் ஒன்றும் புலப்படும்.

ஆங்கிலேயர் 1639ஆம் ஆண்டில் இவ்விடத்தைப் பெற்றது துறைமுகத்தின் பொருட்டன்று. இங்கே துணி மலிவாகக் கிடைத்தது; அதுவே காரணம். இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்க குடாவோ ஆழமான கழிமுகமோ இக்கரையில் இல்லை. ஆகவே கப்பல்கள் கரையினின்று தொலைவில், திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் இக்கரையின் மீனவர்களே. அவர்கள் செலுத்திய மசூலாப் படகில் இரும்பாணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். ஆணியடித்த படகு அலையின் அறையில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு பெருநகரின் வாணிகம் முழுதும் இக்கயிற்றுத் தையலை நம்பியே நடந்தது.

பின்னர்ச் செயற்கைத் துறைமுகம் அமைக்கத் திட்டம் எழுந்தது. 1875ஆம் ஆண்டு டிசம்பரில், அப்போது வேல்ஸ் இளவரசராயிருந்த ஏழாம் எட்வர்டு அடிக்கல் நாட்டினார். கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கற்கரங்களை நீட்டி, கிழக்கே ஒரு வாயில் விட்டு, இடைப்பட்ட நீரை அமைதிப்படுத்துவதே திட்டம். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அக்கரங்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். எனினும் கிழக்கு வாயில் வழியே அலை உள்ளே புகுந்து கப்பல்களை அலைக்கழித்தது. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் வேறொரு வாயில் திறந்தார். இன்றைய துறைமுகத்தின் அடிப்படை அவர் காலத்தில் அமைந்ததே.

கல்லை வென்ற புயலைப் பலரும் எழுதியுள்ளனர். கல்லைச் சூழ்ந்து ஓசையின்றி வேலை செய்த மணலே இங்குக் கருதத்தக்கது. சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையை மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைச் சிறிது வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் இவ்வோட்டம் திசைமாறித் தெற்கு நோக்குகிறது. ஆயினும் வடக்கு நோக்கிய மாதங்களே மிகுதி. ஆதலின், ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே செல்வதாகவே முடியும். இவ்வோட்டத்தின் குறுக்கே துறைமுகத்தின் தென்கரம் ஓர் அணைபோல் நின்றது. வந்த மணல் அதன் தெற்கே தங்கியது. வடக்கே சென்ற நீர் வெறுங்கையோடு சென்றது. தனக்குரிய மணலை அது அங்கிருந்த கரையை அறுத்து எடுத்துக்கொண்டது.

தெற்கே நிகழ்ந்ததை அனைவரும் அறிவர். ஆளுநர் கிராண்ட் டப் 1880களில் கரையோரம் உலாச்சாலை அமைத்து, அதற்கு மெரீனா என்று பெயரிட்டார். துறைமுகக் கரம் மணலைத் தேக்கத் தேக்க, அச்சாலைக்கும் அலைக்கும் இடையிலான வெளி விரிந்துகொண்டே சென்றது. 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் தமிழ்ச் சான்றோர் சிலைகள் அச்சாலையோரம் நிறுவப்பட்டன. அச்சிலைகளுக்குப் பின்னே பரந்து கிடக்கும் மணலில் பெரும்பகுதி துறைமுகம் தந்ததேயாகும். அடுத்த ஆண்டு அறிஞர் அண்ணா அடக்கம் செய்யப்பட்ட இடமும் துறைமுகத்தை நெருங்கிய வடகோடியிலேயே உள்ளது. கூட்டமும் ஊர்வலமும் காற்று வாங்கலும் கவிதையும் நிகழ ஒரு நகரம் இலவசமாகப் பெற்ற வெளி இது.

அதன் விலையைக் கொடுத்தது வடசென்னை. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் வரையில் கடல் கரையைத் தின்றது. குடிசைகளும் தெருக்களும் அலையில் போயின. அரசு கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பியது. சுவர் நிலத்தைக் காத்தது, கரையைக் காக்கவில்லை. கட்டுமரத்தை இழுத்தேற்றவும், கரைவலை இழுக்கவும், மீன் உலர்த்தவும் மீனவர்க்கு மணல் வேண்டும். கல்மேட்டில் இவற்றுள் ஒன்றும் இயலாது. கரையை இழந்த குப்பங்களில் பலர் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் பிறர் விசைப்படகில் கூலியாட்களாயினர். சொந்தக் கட்டுமரம் உடையவன் பங்குக்காரனாகவோ கூலியாகவோ மாறியதற்குக் கடன் மட்டும் காரணமன்று; காலடி மணல் போனதும் காரணம்.

பிற்காலத்தில், கடலுக்குள் குறுக்கே நீளும் சிறு கற்கரங்களை அரசு அமைத்தது. பெரிய துறைமுகம் செய்த அதே செயலைச் சிறிய அளவில் அங்கே காணலாம். ஒவ்வொரு கரத்தின் தென்புறமும் மணல் பிறைபோல் சேர்ந்திருக்கும், வடபுறம் அரிந்திருக்கும். மணல் எத்திசையில் செல்கிறது என்பதை அறிய இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

கரையைப் போலவே தொழிலும் பிரிந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி 1856இல் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. துறைமுகமும் இருப்புப்பாதையும் அருகருகே அமைந்ததால் கிடங்குகளும் ஆலைகளும் வடக்கே பெருகின. 1983இல் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறந்தபின், பெட்டக லாரிகளின் நெடிய வரிசை எண்ணூர் நெடுஞ்சாலையின் அன்றாடக் காட்சியாயிற்று. நிலக்கரியும் இரும்புத்தாதும் ஏற்றி இறக்கியபோது எழுந்த தூசி இராயபுரத்து வீடுகளில் படிந்தது. மக்கள் வழக்குத் தொடுத்து, 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் அதற்கு முடிவு கண்டனர். அச்சரக்கு 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்திற்குச் சென்றது. அஃதாவது, தூசியும் மணலோட்டம் சென்ற வழியே இன்னும் வடக்கே சென்றது.

இவ்வரலாறு முடிந்ததன்று. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் புதிய கற்கரங்கள் கடலுக்குள் நீண்டுள்ளன. அவற்றிற்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய மணல்திட்டும், அதன்மேல் வாழும் மீனவக் குப்பங்களும் இருக்கின்றன. 1881இல் கரம் கட்டியவர்கள் மணலின் கணக்கை முழுதும் அறிந்திருக்கவில்லை என்று சொல்ல இடமுண்டு. இன்று கட்டுவோர்க்கு அவ்விடம் இல்லை. நெய்தலைப் பாடுவோர் மெரீனாவின் அகன்ற மணலைப் பாடும்போது, அம்மணல் எக்கரைக்குச் செல்லவேண்டியதாயிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தல் தகும்.