பரவளைவு ஆடி: வடிவமும் வகையீட்டுச் சமன்பாடும்

பரவளைவு ஆடி என்பது தன் அச்சுக்குச் சமாந்தரமாக வந்து விழும் ஒளிக்கதிர்கள் அனைத்தையும் குவியம் எனப்படும் ஒரே புள்ளிக்குத் தெறிக்கச் செய்யும் குழிவாடியாகும். பரவளைவு என்னும் வளைகோட்டை அதன் அச்சைச் சுற்றிச் சுழற்றும்போது இவ்வாடியின் மேற்பரப்பு உண்டாகிறது. பரவளைவுக்கு இப்பண்பு உண்டு என்பது கிரேக்கக் கேத்திரகணிதத்திலேயே நிறுவப்பட்டுவிட்டது. எனினும் இப்பண்புடைய தொடர்ச்சியான வளைகோடு வேறெதுவும் இல்லை என்பதை வகையீட்டுச் சமன்பாடே நேரடியாகக் காட்டுகிறது. ஒரு வளைகோட்டின் உயரத்தையும் அவ்விடத்தில் அதன் சாய்வையும் இணைக்கும் சமன்பாடு வகையீட்டுச் சமன்பாடு எனப்படும். வளைகோடு எது என்று முன்கூட்டியே ஊகித்துச் சரிபார்க்காமல், ஒளி எவ்வாறு தெறிக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்தே வடிவத்தைக் கண்டடைய அது வழிசெய்கிறது.

சமன்பாட்டைப் பெறுதல்

குவியத்தை உற்பத்திப் புள்ளி O ஆகவும், ஆடியின் அச்சை x அச்சாகவும் கொள்க. கதிர்கள் வலப்பக்கத்திலிருந்து x அச்சுக்குச் சமாந்தரமாக வருகின்றன. அவற்றுள் ஒன்று ஆடியை P(x, y) என்னும் புள்ளியில் சந்திக்கிறது. அப்புள்ளியில் வளைகோட்டுக்கு வரையப்படும் தொடலி x அச்சுடன் α என்னும் கோணத்தை ஆக்குமானால், படுகதிர் கிடையாக இருப்பதால் அதுவும் தொடலியுடன் α கோணத்தையே ஆக்கும். தெறிப்பு விதிப்படி தெறிகதிர் தொடலியின் மறுபுறம் அதே அளவு கோணத்தை ஆக்க வேண்டும் என்பதால், PO என்னும் கோட்டின் சாய்வுக் கோணம் 2α ஆகிறது. தெறிகதிர் உற்பத்திப் புள்ளியூடாகச் செல்ல வேண்டுமாயின் tan 2α = y/x ஆக வேண்டும். தொடலியின் சாய்வு tan α = y′ என்பதால், இரட்டைக் கோணச் சூத்திரத்தின்படி,

2y′ / (1 − y′²) = y / x

என்றும், அதை ஒழுங்குபடுத்தினால்,

y·y′² + 2x·y′ − y = 0

என்றும் கிடைக்கிறது. இது y′ இல் ஓர் இருபடிச் சமன்பாடாகும். அதன் தீர்வுகள்,

y′ = (−x ± √(x² + y²)) / y

ஆகும். நேர்க்குறி வலப்புறம் திறந்த ஆடியையும், எதிர்க்குறி இடப்புறம் திறந்த ஆடியையும் தருகின்றன. நேர்க்குறியை எடுத்து எழுதினால்,

(x + y·y′) / √(x² + y²) = 1

என வரும். இடப்பக்கம் √(x² + y²) என்பதன் வகையீடேயன்றி வேறன்று. ஆகவே இரு பக்கத்தையும் தொகையிட்டால்,

√(x² + y²) = x + C

என்றாகிறது. இங்கு C என்பது தொகையீட்டு மாறிலி. இருபுறமும் வர்க்கித்து, C = 2f என வைத்தால்,

y² = 4f(x + f)

என்னும் பரவளைவு கிடைக்கிறது. ஆடியின் உச்சி குவியத்துக்கு இடப்புறம் f தூரத்தில் அமைவதால் f குவியத்தூரமாகிறது. தீர்வைச் சரிபார்க்க, குவியத்துக்கு நேர்மேலே x = 0, y = 2f என்னும் புள்ளியை எடுக்கலாம். அங்கு y′ = 1 ஆதலால் தொடலி 45 பாகை சாய்ந்திருக்கும். கிடையாக வந்த கதிர் செங்கோணத்தில் திரும்பிக் குவியத்தில் நேரே விழும்.

தொகையிட்டுப் பெற்ற √(x² + y²) = x + C என்னும் வரி கவனிக்கத்தக்கது. தூரத்திலுள்ள x = L என்னும் நிலைக்குத்துக் கோட்டிலிருந்து ஆடிவரை கதிர் செல்லும் தூரம் L − x ஆகும். ஆடியிலிருந்து குவியம்வரை உள்ள தூரம் x + C ஆகும். இரண்டும் சேர்ந்து L + C என்னும் ஒரே அளவாக, ஆடியில் எந்தப் புள்ளியில் பட்டாலும் மாறாதிருக்கின்றன. எனவே கதிர்கள் ஒரே புள்ளியை அடைவதோடு, அலைகளும் ஒரே கட்டத்தில் அங்கு வந்து சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

f இன் பெறுமானம் எதுவாயினும் கிடைப்பது பரவளைவே ஆதலால், தீர்வுகள் அனைத்தும் ஒரே வடிவத்தின் சிறிய அல்லது பெரிய பிரதிகளே ஆகும். வெவ்வேறு f உடைய துண்டுகளைப் படிப்படியாக அடுக்கியும் ஒரு புள்ளியில் ஒளியைச் சேர்க்கலாம். ஆயினும் அது தொடர்ச்சியான மேற்பரப்பாகாது. துண்டுகளிடையே ஒளிப்பாதைகளும் சமமாயிரா.

வரலாறு

வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் தீமூட்டும் ஆடிகளைப் பற்றிய ஆராய்ச்சியே இத்துறையின் தொடக்கமாகும். ஆர்க்கிமிடீசு ஆடிகளைக் கொண்டு உரோமரின் கப்பல்களை எரித்தார் என்பது பிற்காலத்தில் எழுந்த கட்டுக்கதை. உறுதியான கேத்திரகணிதச் சான்று கி.மு. 200 அளவில் வாழ்ந்த டயோக்கிளீசுக்கே உரியது. எரியாடிகள் பற்றிய அவருடைய நூலின் கிரேக்க மூலம் முழுமையாகக் கிடைக்காமல், அரபு மொழிபெயர்ப்பு மட்டுமே எஞ்சியது. அதனை ஜி. ஜே. டூமர் 1976 இல் ஆங்கிலத்தில் பதிப்பித்தார். செனொதோரசு என்னும் வானியலாளர், சூரியக் கதிர்கள் ஒரு புள்ளியில் சேரும் ஆடியின் மேற்பரப்பை எவ்வாறு காண்பது என வினவியதாக அதன் முன்னுரையில் டயோக்கிளீசு குறிப்பிடுகிறார். பரவளைவின் தொடலி, செவ்வன் ஆகியவற்றின் இயல்புகளைக் கொண்டு அவர் விடை கூறினார். பத்தாம் நூற்றாண்டில் இப்னு சாஹ்லும், அவருக்குப் பின் இப்னு அல்ஹைதமும் இவ்வாடியைப் பற்றி எழுதினர்.

கேத்திரகணிதம் பரவளைவை முன்வைத்து அதன் பண்பைக் காட்டியது. பண்பை முன்வைத்து வளைகோட்டைத் தேடும் முறை பதினேழாம் நூற்றாண்டில் உருவாயிற்று. லைப்னிட்சு 1684 இல் வகைநுண்கணிதத்தை வெளியிட்டபின், தொடலியின் இயல்பிலிருந்து வளைகோட்டைக் காணும் வினாக்கள் வகையீட்டுச் சமன்பாடுகளாக எழுதப்பட்டன.

கணிதம் இவ்வாறு வளர்ந்துவந்தபோதும் கைத்தொழில் பின்தங்கியே இருந்தது. ஜேம்சு கிரெகரி 1663 இல் பரவளைவு ஆடி கொண்ட தொலைகாட்டியை வரைந்து காட்டினாராயினும், அவ்வாடியைத் தீட்டித்தர இலண்டன் கைவினைஞர்களால் இயலவில்லை. நியூட்டன் 1668 இல் செய்த தொலைகாட்டியில் கோளவாடியையே பயன்படுத்தினார். அதன் விட்டம் ஏறத்தாழ 3.3 சென்ரிமீற்றரும் குவியத்தூரம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றருமே ஆதலால், விளிம்பில் கோளமும் பரவளைவும் 0.3 மைக்கிரோமீற்றர் அளவே வேறுபட்டன. அது பச்சை ஒளியின் அலைநீளத்தில் பாதியளவு என்பதால் அக்குறை பெரிதாகத் தெரியவில்லை. ஜோன் ஹாட்லி 1721 இல் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பரவளைவு ஆடியைக் கொண்டு தொலைகாட்டி அமைத்தபோதே கணிதமும் கைத்தொழிலும் ஒன்று சேர்ந்தன.

காவலூர் ஆடி: ஒரு கணிப்பு

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு தொலைகாட்டி 1986 ஜனவரி 6 இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் முதன்மை ஆடி 2.34 மீற்றர் விட்டமுடையது. குவியத்தூரம் விட்டத்தின் 3.25 மடங்கு, அதாவது ஏறத்தாழ 7.6 மீற்றர். உச்சியிலிருந்து அளந்தால் பரவளைவின் ஆழம் r²/4f ஆகும். விளிம்பில் r = 1.17 மீற்றர் ஆதலால், ஆடியின் ஆழம் ஏறத்தாழ 4.5 சென்ரிமீற்றர் என வருகிறது.

இதே ஆடியை, நடுவில் இப்பரவளைவைத் தொட்டு அதே வளைவுடன் அமையும் கோளத்தின் பகுதியாகத் தீட்டியிருந்தால், விளிம்பில் இரண்டும் r⁴/64f³ அளவு, அதாவது 0.067 மில்லிமீற்றர் வேறுபடும். இது கண்ணால் காணமுடியாத அளவாயினும், பச்சை ஒளியின் அலைநீளத்தைப்போல் ஏறத்தாழ 120 மடங்கு. விளிம்புக் கதிர்கள் நடுக்கதிர்களின் குவியத்தைவிட 2.3 சென்ரிமீற்றர் ஆடிக்கு நெருங்கிய இடத்தில் அச்சை வெட்டும். கோளப் பிறழ்ச்சி எனப்படும் இக்குறையால், மிகச் சிறப்பாகக் குவித்த நிலையிலும் ஒரு விண்மீன் புள்ளியாகத் தெரியாமல், ஏறத்தாழ 1.75 மில்லிமீற்றர் அகலமுள்ள வட்டமாகப் பரவும். வானில் அது ஏறத்தாழ 47 வில்செக்கன். ஒரு வில்செக்கன் பாகையின் 3600 இல் ஒரு பங்காகும். வியாழன் பூமிக்கு அருகே வரும்போது அதன் வட்டு ஏறக்குறைய இவ்வளவுதான். எனவே கோளவாடி வைத்த அளவில் பெரிய தொலைகாட்டி, ஒவ்வொரு விண்மீனையும் வியாழன் அளவு மங்கலாகக் காட்டியிருக்கும்.

வடிவத்தைச் சோதித்தல்

தீட்டிய ஆடி பரவளைவுதானா என அறிய, லியோன் பூக்கோ 1858 இல் வெளியிட்ட கத்திமுனைச் சோதனை இன்றும் பயன்படுகிறது. ஆடியின் வளைவு மையத்தருகே ஒரு சிறு ஒளிப்புள்ளியை வைத்து, திரும்பி வரும் ஒளியைக் கத்தியின் விளிம்பால் மெல்ல மறைக்கும்போது, கோளவாடியாயின் முழுப் பரப்பும் ஒரே சமயத்தில் இருளும். பரவளைவில் அவ்வாறு நிகழாது. அதன் விளிம்பு நடுவைவிடக் குறைவாக வளைந்திருப்பதால், விளிம்பு வளையத்தின் ஒளி ஆடியிலிருந்து சற்றுத் தொலைவிலேயே கூடும். ஒளிப்புள்ளியை நகர்த்தாமல் கத்தியை மட்டும் நகர்த்தினால், நடுவுக்கும் விளிம்புக்கும் இடையிலான இடைத்தூரம் r²/2f ஆகும். காவலூர் ஆடியின் அளவுகளுக்கு இது 9 சென்ரிமீற்றர். அளந்த தூரம் இதைவிடக் குறைந்தால் ஆடி இன்னும் கோளத்தை நோக்கி நிற்கிறது என்றும், மிகுந்தால் அளவுக்கு மீறித் தீட்டப்பட்டுவிட்டது என்றும் கொள்ளலாம்.

எல்லைகள்

சமன்பாட்டின் நிபந்தனை அச்சுக்குச் சமாந்தரமான கதிர்களுக்கே உரியது. தம்முள் சமாந்தரமாக இருந்தும் அச்சுக்குச் சாய்ந்து வரும் கதிர்கள் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. அவை வால்வெள்ளி போன்ற ஒரு தடத்தை விடுகின்றன. காவலூர் ஆடியின் விகிதத்தில், அச்சிலிருந்து 5 வில்நிமிடம், அதாவது நிலவின் விட்டத்தில் ஆறிலொரு பங்கு, விலகிய விண்மீனின் தடம் ஏறத்தாழ 5 வில்செக்கன் நீளும். அகன்ற வானப்பரப்பைப் படமெடுக்க வேண்டுமாயின், குவியத்தின் முன் திருத்தும் வில்லைகளை வைக்க வேண்டும்; அல்லது பரவளைவையே கைவிட்டு, கோளவாடியுடன் திருத்தும் தட்டைச் சேர்த்த சிமித் அமைப்பை நாடவேண்டும். காவலூரிலேயே 45 சென்ரிமீற்றர் சிமித் தொலைகாட்டியும் உண்டு.

பிற பயன்பாடுகள்

உதகமண்டலத்தில் 1970 இல் அமைக்கப்பட்ட வானொலித் தொலைகாட்டி பரவளைவு உருளை வடிவமுடையதாதலால், அது அலைகளைப் புள்ளியில் அன்றிக் கோட்டிலேயே குவிக்கிறது. பண்டாரவளை, பதுளைத் தோட்ட லயன்களின் கூரைகளில் காணப்படும் தொலைக்காட்சி டிஷ்களில் பெரும்பாலானவை, பெரிய பரவளைவின் உச்சியை விட்டு விலகி வெட்டிய துண்டுகளாகும். அவற்றின் குவியம் தட்டின் நடுவுக்கு நேரே அமையாமல் கீழ்ப்புறம் தள்ளி அமைவதும், அலைவாங்கி ஒரு கையின் நுனியில் ஓரமாக நிற்பதும் இதனாலேயே. 12 கிகாஹேட்சு அலையின் நீளம் 2.5 சென்ரிமீற்றர் ஆதலால், தட்டின் வடிவம் 1.5 மில்லிமீற்றர் வரை பிசகினும் படம் கெடாது. ஒளிக்கு அதே விகிதத்தில் அனுமதிக்கப்படும் பிசகு 0.03 மைக்கிரோமீற்றர் மட்டுமே.